உறையில் "ஐ" பக்கத்தில் "எக்ஸ்": ஒன்பதாவது தெருவா, முதல் குறுக்குத் தெருவா?

கடுதாசிக்கட்டு எழுதியது:

பழைய கடிதங்களின் முகவரிகளை ஒரு பட்டியலாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். முக்கால்வாசி ஓடிவிட்டது. ஒரே ஒரு உறை மட்டும் இழுக்கிறது. நகரின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, மற்றதை உறையில் உள்ளபடியே தருகிறேன்:

```
14/3, IX St., II Main Rd.,
..... Ngr. Extn.,
Opp. Govt. H.S.,
Madras-61
```

கையெழுத்து, நீல மை. மூன்று சந்தேகம். முதல் வரியில் இருப்பது ஒன்பதாவது தெருவா, முதல் குறுக்குத் தெருவா? "எக்ஸ்டன்" என்பதைப் பட்டியலில் விட்டுவிடலாமா? "ஆப்." என்று தொடங்கும் வரி முகவரியில் சேருமா, வெறும் வழிக்குறிப்பா?

---

மாம்பலம்_மணி:

எக்ஸ் என்றால் கிராஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எக்ஸ் வடிவமே குறுக்குக் கோடுதானே. அதனால்தான் அந்த எழுத்தைப் போட்டார்கள். முதல் குறுக்குத் தெரு என்று எழுதிவிட்டு அடுத்த உறைக்குப் போங்கள். "மெட்ராஸ்-61" என்று இருப்பதால் இது 1972-க்கு முந்தைய உறை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது.

---

சார்ட்டிங்_பெட்டி:

மணி சார், பின்கோடு வந்த தேதி சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. பின்கோடு வந்த பிறகும் ஜனங்கள் பல வருஷம் ஊர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கத்தை மட்டும்தான் போட்டார்கள். "சென்னை-61" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். 600017-க்கு "மெட்ராஸ்-17", 641002-க்கு "கோயமுத்தூர்-2", 620018-க்கு "திருச்சி-18". எல்லாம் பின்கோட்டின் வால்தான். ஆறு இலக்கம் இருந்தால் 1972-க்குப் பிந்தையது என்று அடித்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. "மெட்ராஸ்" என்ற பெயரும் 1996 வரை அதிகாரப்பூர்வமாக இருந்ததுதான், அதற்குப் பிறகும் பழக்கத்தில் எழுதினார்கள். தேதி வேண்டுமென்றால் முத்திரையைப் பாருங்கள்.

எக்ஸ் எப்போதுமே கிராஸ் என்பதும் அப்படித்தான். திருச்சி தில்லைநகரில் பத்தாவது கிராஸ் இருக்கிறது. ரோமன் எண்ணில் எழுதுகிறவர் அதை இப்படித்தான் எழுதுவார்:

```
X Cross, Thillainagar, Trichy-18
```

உங்கள் விதிப்படி இது "கிராஸ் கிராஸ்" ஆகிவிடும். தெருக்களை எண்ணால் குறிக்கும் எந்த நகரிலும் பத்தாவது தெரு இருந்தால் இந்தச் சிக்கல் உண்டு.

கடுதாசிக்கட்டின் உறையில் இருப்பது இதைவிட மோசம். எக்ஸுக்கு முன்னால் இரண்டு கோடோ மூன்று கோடோ இருந்தால் கவலையே இல்லை. ரோமனில் எட்டு, ஏழு எல்லாம் ஐந்தின் பக்கத்தில்தான் எழுதப்படும், இரண்டு கோடு போட்டு எக்ஸ் எழுதும் எண் வழக்கத்தில் கிடையாது. ஆகவே அது இரண்டாவது குறுக்கு, மூன்றாவது குறுக்கு என்று உறுதி. ஒரே ஒரு கோடு இருக்கும்போதுதான் ஒன்பதும் முதல் குறுக்கும் ஒரே மாதிரி நிற்கும்.

---

அவசரம் எழுதியது:

ஆதார் அட்டையில் முகவரி மாற்றும்போது கிராஸ் ஸ்ட்ரீட் என்று முழுதாகப் போடணுமா, சுருக்கிப் போடலாமா? இங்கே தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

---

மாம்பலம்_மணி:

அது வேறு இழை தம்பி. இங்கே பழைய உறை பற்றிப் பேசுகிறார்கள். இருந்தாலும் முழுதாகவே போடுங்கள், பின்னால் வரும் ஒருத்தர் இதே மாதிரி மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

---

கோடும்_புள்ளியும்:

கையெழுத்து என்பதால் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் பள்ளியில் ரோமன் எண் எழுதக் கற்றவர்கள் எண்ணுக்கு மேலேயும் கீழேயும் படுக்கைக் கோடு இழுப்பார்கள். கூரையும் தரையும் போல. அந்தக் கோடு எதுவரை ஓடுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒற்றைக் கோட்டையும் எக்ஸையும் சேர்த்து ஒரே கூரை மூடியிருந்தால் அது ஒன்பது. ஒற்றைக் கோட்டுக்கு மட்டும் தனிக் கூரை இருந்து, எக்ஸ் வெட்டவெளியில் நின்றால் முதல் குறுக்கு. சில பேர் மேல்கோடு மட்டும் போடுவார்கள், கீழ்க்கோடு விட்டுப்போகும். மேல்கோட்டை நம்பலாம்.

இன்னொன்று, எக்ஸின் உயரம். எண்ணின் பாகமாக எழுதும்போது இரண்டும் ஒரே உயரத்தில் வரும். "கிராஸ்" என்ற சொல்லுக்குப் பதிலாக எழுதும்போது கை சற்றுத் தாராளமாக வீசும். பெருக்கல் குறி மாதிரிச் சின்னதாகக் கீழே இறங்கியும் வரலாம். உயரம் மாறினாலே சந்தேகப்படுங்கள்.

ஆனால் இவர் கையில் எப்படி என்று தெரிய, இதே ஆள் எழுதிய இன்னொரு ரோமன் எண் வேண்டும். அது இல்லாமல் கூரையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உறையிலேயே இரண்டாவது மெயின் ரோடு இருக்கிறதே, அதற்குக் கூரை இருக்கிறதா?

---

கடுதாசிக்கட்டு:

பார்த்தேன். மெயின் ரோட்டுக்கு முன்னால் உள்ள இரண்டு கோடுகளுக்கும் சேர்த்து மேலேயும் கீழேயும் கூரை உண்டு. முதல் வரியில் ஒற்றைக் கோட்டுக்கு மட்டும் கூரை, அது எக்ஸ் தொடங்குமுன் நின்றுவிடுகிறது. எக்ஸ் கொஞ்சம் பெரியது, வலது கால் கீழ்வரி வரை இறங்குகிறது. இதே ஆள் வேறொருவருக்கு எழுதிய உறையில் ஏழாவது தெரு என்று ரோமனில் இருக்கிறது. அங்கே மூன்று எழுத்துக்கும் ஒரே நீளக் கூரை.

---

கோடும்_புள்ளியும்:

அப்படியென்றால் முதல் குறுக்குத் தெரு பக்கம்தான் தராசு சாய்கிறது. மணி சார் சொன்ன விடை சரி, காரணம்தான் தவறு.

---

மாம்பலம்_மணி:

விடை சரியா இல்லையா, அதுதானே முக்கியம் :)

மெயின் ரோடு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயின் இருந்தால்தான் அதற்குக் குறுக்கு இருக்கும். ஒன்பதாவது தெரு என்றால் மெயின் ரோட்டைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

---

சார்ட்டிங்_பெட்டி:

இது பாதி சரி. மனை போட்ட பல நகர்களில் மெயின் ரோட்டிலிருந்து பிரிவதையே "தெரு" என்று எண்ணிட்டிருக்கிறார்கள், "குறுக்கு" என்ற சொல்லே இருக்காது. எனவே மெயின் ரோடு இருப்பது துணைச் சாட்சிதான். ஒன்று மட்டும் சொல்லலாம்: ஒவ்வொரு மெயின் ரோட்டுக்கும் குறுக்குத் தெரு எண் ஒன்றிலிருந்து தொடங்கும் நகர்களில் மெயின் ரோட்டைச் சொல்லாமல் முதல் குறுக்கு என்றால் தபால்காரருக்கு நாலு இடம் வரும். அதனால் அங்கே இரண்டையும் எழுதியே ஆகவேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. "எக்ஸ்டன்" என்பதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். இந்த முகவரியில் அதிக எடை உள்ள சொல் அதுதான். முதலில் ஒரு நகர் போடுவார்கள். அது நிரம்பியதும் பக்கத்து நிலத்தை வாங்கி மனை பிரித்து அதே பெயரோடு எக்ஸ்டென்ஷன் என்று சேர்ப்பார்கள். தமிழில் விஸ்தரிப்பு, விரிவு என்றும் எழுதுவார்கள். அங்கே தெரு எண் பெரும்பாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே மூல நகரிலும் முதல் குறுக்கு இருக்கும், விஸ்தரிப்பிலும் இருக்கும். அந்த ஒரு சொல்லை விட்டால் பட்டியலில் உள்ள வீடு அரை கிலோமீட்டர் தள்ளி வேறொரு வீடாகிவிடும். படிக்கிறவருக்குத் தப்பு நடந்ததே தெரியாது, ஏனென்றால் அந்த முகவரியும் உண்மையில் இருக்கிறது.

அந்தச் சொல் எதற்குப் பின்னால் வருகிறது என்றும் பாருங்கள். நகர் பெயருக்குப் பின்னால் வந்தால் புது மனைப்பகுதி. தெரு பெயருக்குப் பின்னால் வந்தால் அதே தெருவின் நீட்சி, பழைய தெரு முடிந்த இடத்திலிருந்து மேலே போன பகுதி. அங்கே கதவு எண் தொடரவும் செய்யலாம், புதிதாகத் தொடங்கவும் செய்யலாம்.

---

வட்டார_வளர்ச்சி:

இதே சுருக்கம் அலுவலகக் கடிதங்களில் வேறு வேலை செய்யும். பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்துக்கு வந்த பழைய கவர்களில் "எக்ஸ்டன். ஆபீசர்" என்று இருந்தால் அது விரிவாக்க அலுவலர் என்ற பதவி. இடம் அல்ல. அடுத்து "விவசாயம்" என்றோ வேறு துறையோ அடைப்பில் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். லெட்டர்பேடில் தொலைபேசி எண்ணுக்குப் பிறகு வந்தால் உள் இணைப்பு எண். பட்டியலில் எல்லாவற்றையும் விஸ்தரிப்பு என்று விரித்தால் விவசாய அதிகாரி ஒரு நகராகிவிடுவார்.

---

கடுதாசிக்கட்டு:

தொலைபேசி என்றதும் ஞாபகம் வந்தது. சில லெட்டர்பேடுகளில் போன் எண்ணுக்குப் பின் "பி.பி." என்று இருக்கிறது. அது என்ன?

---

மாம்பலம்_மணி:

சொந்த போன் இல்லை, பக்கத்து வீட்டு எண் என்று அர்த்தம். கூப்பிட்டால் அவர்கள் போய் அழைத்து வருவார்கள். விரிவு என்ன என்பதில்தான் சண்டை. ஒருத்தர் "பிரைவேட் பார்ட்டி" என்பார், இன்னொருத்தர் "பர்ட்டிகுலர் பர்சன்" என்பார்.

---

ஏட்டுச்சுவடி:

ஆங்கிலச் சுருக்கம் தேவலை. என் கையில் இருக்கும் தமிழ் கார்டுகளைப் பாருங்கள்:

"12, தெ. மாட தெ."

"3, 2-வது கு.தெ., வ. (வழி) ... அ., ... வ., தெ.ஆ. மா."

தெ என்றால் தெருவா தெற்கா? வ எத்தனை வ?

---

சார்ட்டிங்_பெட்டி:

இடம்தான் சொல்லும். பெயருக்கு முன்னால் வரும் "தெ." தெற்கு, பின்னால் வரும் "தெ." தெரு. அதனால் முதலாவது தெற்கு மாட தெரு. "கு.தெ." குறுக்குத் தெரு. "தெ.ஆ. மா." தென் ஆற்காடு மாவட்டம். அது 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது, எனவே இன்றைய எந்த மாவட்டம் என்பதை ஊர் பெயரை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். "வ.ஆ." என்றால் வட ஆற்காடு. அது 1989-லேயே பிரிக்கப்பட்டது.

"வ." மூன்று வேலை செய்யும். தெருப் பெயருக்கு முன் வந்தால் வடக்கு. ஊர் பெயருக்குப் பின், மாவட்டத்துக்கு முன் வந்தால் வட்டம். "வழி" என்பதைச் சிலர் அப்படியே சுருக்கிவிடுவார்கள், அப்போது அதையடுத்து வரும் பெயர் கடிதம் எந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்பதைச் சொல்லும். உங்கள் கார்டில் முதல் "வ."வுக்குப் பிறகு ஏன் தனியாக "(வழி)" இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. வடக்கு என்று எழுதத் தொடங்கி ஊர் பெயரை விட்டுவிட்டாரோ என்னவோ. மை மாறியிருக்கிறதா பாருங்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று "த.பெ." சாய்கோட்டோடு "த/பெ" என்று இருந்து, அடுத்து ஆள் பெயர் வந்தால் தந்தை பெயர். புள்ளியோடு வந்து, அடுத்து எண் வந்தால் தபால் பெட்டி. ஆங்கிலத்தில் இதற்கு அண்ணன் தம்பி "எஸ்/ஓ"வும் "எஸ்.ஓ."வும். ஒன்று இன்னாரின் மகன், மற்றது துணை அஞ்சலகம். கையெழுத்தில் சாய்கோடும் புள்ளியும் ஒன்றாகத் தெரியும், அப்போது அடுத்து வருவது ஆளா, ஊரா என்று பார்ப்பதுதான் ஒரே வழி.

---

ஏட்டுச்சுவடி:

மை மாறவில்லை. அந்த "வ." அப்படியே கிடக்கட்டும்.

---

கோடும்_புள்ளியும்:

மூன்றாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டோம். "ஆப்." என்றால் எதிரில். தமிழில் "எதிர்" என்றே எழுதுவார்கள், சிலர் "எ." என்று ஒற்றை எழுத்தில் நிறுத்துவார்கள். இதை வழிக்குறிப்பு என்று தள்ளிவிட வேண்டாம், ஆனால் முகவரியின் உறுப்பாகவும் எண்ண வேண்டாம். காரணம், எதிரில் என்பது வீட்டுக்குத்தானா, தெருமுனைக்கா என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் தெரு பிரிகிறது, அந்தத் தெருவுக்குள் பத்து வீடு தள்ளி வீடு. அதையும் "ஆப்." என்றுதான் எழுதுவார்கள். இந்த உறையில் அந்த வரி நகர் பெயருக்குக் கீழே இருக்கிறது, கதவு எண்ணுக்குப் பக்கத்தில் இல்லை. ஆகவே விஸ்தரிப்பு முழுவதும் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் என்று சொல்கிறார் போலிருக்கிறது.

"ஆஃப்" என்று வந்தால் வேறு. "ஆஃப் மவுண்ட் ரோடு" என்றால் மவுண்ட் ரோட்டிலிருந்து பிரிகிற தெரு, மவுண்ட் ரோடு அல்ல. இரண்டு பி எழுத்தும் இரண்டு எஃப் எழுத்தும் வேகக் கையெழுத்தில் குழம்பும். எழுத்தின் தலை மேலே ஏறினால் எஃப், தலை ஏறாமல் வால் மட்டும் கீழே இறங்கினால் பி. "ஆஃப்" என்பதை ஆபீஸ் என்று விரித்த பட்டியல்களும் உண்டு.

---

வட்டார_வளர்ச்சி:

பள்ளிக்கூடத்தை வைத்துக் காலத்தையும் கொஞ்சம் நெருங்கலாம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978-ல் வந்தது. அதற்குப் பிறகு தரம் உயர்ந்த உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளி ஆயின. உறையில் "ஹைஸ்கூல்" என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பள்ளி எந்த ஆண்டு மேல்நிலை ஆனது என்று அங்கேயே கல்வெட்டில் இருந்தால் உறைக்கு ஒரு மேல் வரம்பு கிடைக்கும். பெயர் மாறினாலும் ஜனங்கள் ஹைஸ்கூல் என்றே சொல்லுவார்கள், அதனால் வரம்பு கெட்டியானது அல்ல.

---

கடுதாசிக்கட்டு:

உறையின் பின்பக்கம் வட்ட முத்திரை ஒன்று இருக்கிறது, நங்கநல்லூர் என்று படிக்க முடிகிறது, தேதி அழிந்துவிட்டது. பக்கத்தில் பென்சிலில் வட்டமிட்ட ஒரு 4. இது தெரு எண்ணா?

---

சார்ட்டிங்_பெட்டி:

இல்லை, அதைத் தெருவோடு சேர்க்காதீர்கள். பின்பக்க முத்திரை கடிதம் பட்டுவாடாவுக்கு வந்து சேர்ந்த அஞ்சலகத்தில் குத்தியது. 61-க்கும் நங்கநல்லூருக்கும் பொருந்துகிறது, ஆகவே எண்ணை நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள். பென்சில் எண் பெரும்பாலும் தபால்காரரின் பீட் எண், அதாவது அவர் சுற்றிவரும் பகுதியின் எண். அதே அஞ்சலகத்துக்கு வந்த வேறு உறைகள் உங்களிடம் இருந்தால், எந்தத் தெருக்களுக்கு 4 போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் குறுக்கு என்று தெளிவாக எழுதிய உறையிலும் 4 இருந்து, ஒன்பதாவது தெரு உறையில் வேறு எண் இருந்தால் வழக்கு முடிந்தது. ஒரே பீட்டில் இரண்டும் வந்தால் பயனில்லை.

---

கடுதாசிக்கட்டு:

61-க்கு வந்தது மொத்தம் ஐந்து உறை. இரண்டில் பென்சில் எண் உண்டு, இரண்டிலும் 4. அதில் ஒன்று தட்டச்சு. அதிலும் அதே ஒற்றைக் கோடும் எக்ஸும்தான், நடுவில் இடைவெளி இல்லை.

---

கோடும்_புள்ளியும்:

தட்டச்சில் கூரை கிடையாது, அதில் இன்னொரு பொறியும் உண்டு. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசையே இருக்காது. சின்ன எல் எழுத்தையோ பெரிய ஐ எழுத்தையோ அடித்துவிடுவார்கள். எனவே அங்கே இருப்பது ரோமன் ஒன்பதாகவும் இருக்கலாம், சாதாரண ஒன்றும் கிராஸும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அதே உறையில் வேறெங்காவது ஒன்று என்ற எண் வருகிறதா? கதவு எண் 14 இருக்கிறதே, அந்த ஒன்றையும் இந்தக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

கடுதாசிக்கட்டு:

14-ல் உள்ள ஒன்று சின்ன எல், உச்சியில் இடப்பக்கம் மட்டும் சிறு கொக்கி. தெருவில் உள்ளது மேலும் கீழும் இரண்டு பக்கமும் பாதம் உள்ள பெரிய ஐ.

---

கோடும்_புள்ளியும்:

அப்படியானால் தட்டச்சு செய்தவர் அதை ரோமன் எண்ணாக நினைத்து அடித்திருக்கிறார். ஒன்பது என்று நினைத்தாரா, ரோமன் ஒன்றும் கிராஸும் என்று நினைத்தாரா, பொறி சொல்லாது. மெயின் ரோட்டையும் அவர் ரோமனில் அடித்திருந்தால் ரோமன் ஒன்றும் கிராஸும் என்பதுதான் இயல்பு. கையெழுத்து உறையை மூலமாக வையுங்கள், தட்டச்சு அதைப் பார்த்து அடித்ததாக இருக்கலாம்.

---

நிரல்_நடேசன்:

பட்டியலில் மொத்தமாக மாற்றப் போகிறீர்கள் என்றால் எக்ஸ் எல்லாவற்றையும் தேடி மாற்றாதீர்கள். இடைவெளியோடு தனியாக நிற்கிறதை மட்டும் பிடிக்க இது போதும்:

```
\b([IVX]+|\d+)\s+X\s+St\b
```

ஒட்டி எழுதியவை இதில் சிக்காது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். உறையில் உள்ளபடி ஒரு பத்தி, விரித்தது ஒரு பத்தி, உறுதியா ஊகமா என்று மூன்றாவது பத்தி. முதல் பத்தியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள்.

---

கடுதாசிக்கட்டு:

அப்படியே செய்துவிட்டேன். "முதல் குறுக்குத் தெரு, 2-வது மெயின் ரோடு, ... நகர் விஸ்தரிப்பு" என்று விரித்து, தெருவுக்கு நேரே "ஊகம்" என்று போட்டிருக்கிறேன். விஸ்தரிப்புக்கு நேரே "உறுதி". கடைசியாக, 14/3-ல் மூன்று என்பது மனையின் உட்பிரிவா, பழைய எண் புதிய எண்ணா?

---

மாம்பலம்_மணி:

பழைய எண், புதிய எண். சென்னையில் எல்லா வீட்டுக்கும் இரண்டு எண் உண்டே.

---

சார்ட்டிங்_பெட்டி:

இரண்டு எண் எழுதும் வழக்கம் மறு எண்ணிடலுக்குப் பிறகு வந்தது, இந்த உறை அதற்கு முந்தையதாகத் தெரிகிறது. 14-ம் எண் மனையில் மூன்றாவது பகுதி என்பது ஒரு வாய்ப்பு. அந்தப் பகுதி அப்போது பஞ்சாயத்தாக இருந்தால் முன்னால் உள்ளது வார்டு எண், பின்னால் உள்ளது கதவு எண் என்றும் ஆகும். ஐந்து உறையில் மற்ற மூன்றிலும் சாய்கோட்டுக்கு முன்னால் 14-தான் வருகிறதா?

---

கடுதாசிக்கட்டு:

ஒன்றில் 14/3, ஒன்றில் வெறும் 14, ஒன்றில் 14-சி.

---

சார்ட்டிங்_பெட்டி:

வெறும் 14 என்று எழுதியும் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால் 14 வார்டு எண்ணாக இருக்க முடியாது. 14-சி என்பதும் மூன்றாவது எழுத்துதான். மனைப் பிரிவு என்று எழுதுங்கள், ஆனால் வெறும் 14 உள்ள உறை உண்மையிலேயே பட்டுவாடா ஆனதா, திரும்பி வந்ததா என்று முன்பக்கத்தில் தபால்காரர் குறிப்பு ஏதும் இருக்கிறதா பாருங்கள்.